குளியலறையை முழுதாக மாற்ற: டைலுக்குப் பின்னால் போவதற்கு முதலில் காசை ஒதுக்குங்கள்

இந்த வழிகாட்டி ஒரே ஒரு நிலைமைக்கானது. மறுவிற்பனையில் வாங்கிய நாலறை வீவக வீடு, இரண்டு குளியலறைகள். அவற்றில் பொதுக் குளியலறையைத் தரையிலிருந்து கூரை வரை மாற்றுகிறீர்கள். வேலை நடக்கும்போது மற்றக் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் உடைத்தால் கூலி கொஞ்சம் குறையும். ஆனால் மூன்று, நான்கு வாரம் கழிவறைக்கு எங்கே போவது என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

எதில் கூடுதலாகச் செலவழிப்பது, எதில் சிக்கனம் பிடிப்பது என்பதற்கு ஒரே அளவுகோல் போதும். பழுதானால் டைலை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டுமா? அதற்கு நல்ல காசு கொடுங்கள். ஒரு ஸ்பேனரை வைத்துக் கழற்றி மாட்டிவிடலாமா? அதை மலிவாக வாங்கினாலும் நஷ்டம் இல்லை.

1. கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன்

1997 அல்லது அதற்கு முன் கட்டிய புளோக் என்றால் இல்ல மேம்பாட்டுத் திட்டம் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று வீவக இணையத்தளத்தில் பாருங்கள். அந்தத் திட்டத்தில் கழிவறை மேம்பாடு விருப்பத் தேர்வாக உண்டு. சிங்கப்பூரர்கள் நாலறை வீட்டுக்கு அதன் செலவில் 7.5 விழுக்காடுதான் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு வரப்போகும் திட்டத்துக்கு முன்னால் பத்தாயிரம் வெள்ளியைக் கொட்டியவர்கள் நிறையப் பேர்.

புதிய பிடிஓ வீடாக இருந்தால், புளோக் கட்டி முடிந்து மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை, சுவர் டைல்களை எடுக்க அனுமதி இல்லை. அதுவரை காத்திருக்க வேண்டும்.

கான்ட்ராக்டர் வீவக புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். அவர் சொல்லும் நிறுவனப் பெயரும் கோட்டேஷனில் அச்சாகியிருக்கும் பெயரும் பட்டியலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். "என் நண்பரோட லைசென்ஸ்ல எடுத்துக்கலாம்" என்று சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தண்ணீர் கசிந்தால் யார் பொறுப்பு என்பது அந்த இடத்திலேயே குழம்பிவிடுகிறது.

2. அளவெடுங்கள்

டேப் ஒன்றும் அரை மணி நேரமும் போதும். நமது உதாரணக் குளியலறை 2.4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். தரை 3.84 சதுர மீட்டர். நான்கு சுவர்களின் சுற்றளவு 8 மீட்டர். மேற்கூரை வரை 2.4 மீட்டர் உயரத்துக்கு டைல் போட்டால் 19.2 சதுர மீட்டர். கதவையும் ஜன்னலையும் கழித்தால் ஏறக்குறைய 17.4 வரும்.

வெட்டும்போது வீணாவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள். தரைக்கு 4.2, சுவருக்கு 19.1 சதுர மீட்டர். டைல் பெட்டிகள் பெரும்பாலும் 1.44 சதுர மீட்டர் கணக்கில் வரும். தரைக்கு 3 பெட்டி, சுவருக்கு 14 பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்தால் மொத்தம் 19. அந்தக் கூடுதல் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு டைல் உடைந்தால் அதே நிறத்தில், அதே தயாரிப்புத் தொகுதியில் கடையில் கிடைக்காது.

இன்னோர் அளவு, பலர் மறப்பது: டாய்லெட்டின் கழிவுக் குழாய். பழைய புளோக்குகளில் அது தரையில் இறங்கும், எஸ் டிராப் என்பார்கள். டைல் ஒட்டிய சுவரிலிருந்து குழாயின் மையம் வரை எவ்வளவு என்று பாருங்கள். புதிய புளோக்குகளில் குழாய் சுவருக்குள் போகும், அது பி டிராப். அதற்குத் தரையிலிருந்து குழாயின் மையம் வரை உயரம் வேண்டும். இந்த எண் இல்லாமல் பாலஸ்டியர் ரோட்டிலோ ஜாலான் புசாரிலோ டாய்லெட் வாங்கப் போகாதீர்கள். கழிவுக் குழாயின் இடத்தை உங்கள் விருப்பத்துக்கு நகர்த்தவும் முடியாது. தரைப் பூச்சும் டைலும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது வீவக விதி. அந்த ஐந்து சென்டிமீட்டருக்குள் புதிய கழிவுக் குழாயைச் சரிவோடு ஓட்ட இடமே இருக்காது.

3. உடைப்பதா, மேலேயே ஒட்டுவதா

பழைய டைலின் மேல் புதுசை ஒட்டினால் உடைக்கும் கூலி மிச்சம், சத்தம் குறைவு, நாளும் குறைவு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டைலும் பசையுமாகத் தரை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரும், சுவரும் அதே அளவு முன்னால் வரும்.

இப்போது கழிவுக் குழாய்க்குத் திரும்பி வாருங்கள். சுவரிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருந்த குழாய் இனி 13 சென்டிமீட்டரில் இருக்கும். 15க்கு வாங்கிய டாய்லெட்டின் தொட்டி சுவரில் இடிக்கும். வேலையாட்கள் வளைந்த இணைப்பைப் போட்டு எப்படியோ பொருத்திவிடுவார்கள். அந்த வளைவில்தான் அடைப்பு வரும். வாசல் கட்டையின் உயரமும் அதே இரண்டு சென்டிமீட்டர் குறைவதால் குளித்த தண்ணீர் சமையலறைப் பக்கம் வழியத் தொடங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய தண்ணீர்த் தடுப்புப் படலம் அப்படியே அடியில் கிடக்கும். கீழ்வீட்டுக் கூரையில் கறை எதுவும் இல்லை, டைலைத் தட்டினால் பொள்ளல் சத்தம் வரவில்லை, வீடும் அவ்வளவு பழசில்லை என்றால் மேலே ஒட்டலாம். முப்பது வருட வீட்டில் உடைத்துவிடுவதே நல்லது. கீழே வரும் கணக்கு உடைத்துச் செய்வதற்கானது.

4. கணக்கு

இவை பேரம் பேசத் தொடங்குவதற்கான உத்தேசத் தொகைகள். உங்கள் கோட்டேஷனில் மேலும் கீழும் போகும். ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தைக் கவனியுங்கள்.

- உடைத்தல், குப்பை அகற்றுதல்: $1,400
- தரைப் பூச்சு, தண்ணீர்த் தடுப்பு: $900
- டைல் ஒட்டும் கூலி, பசை, சிமெண்ட்: $2,300
- டைல், 19 பெட்டி: $950
- குழாய் வேலை: $900
- மின்சார வேலை: $450
- மேற்கூரைப் பலகை: $350
- கதவு: $450
- டாய்லெட், பேசின், குழாய்கள், ஷவர், ஹீட்டர், சில்லறைச் சாமான்கள்: $1,750
- ஷவர் கண்ணாடித் தடுப்பு: $500

கூட்டினால் $9,950. முதல் ஆறு வரிகள் மட்டும் $6,900, கிட்டத்தட்ட எழுபது விழுக்காடு. கடையில் நின்று நாள் கணக்கில் யோசிக்கும் சாமான்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. $400 டாய்லெட்டா $550 டாய்லெட்டா என்று வீட்டில் சண்டை நடக்கும். $900 தண்ணீர்த் தடுப்பு வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இதற்கு மேல் 15 விழுக்காடு, அதாவது $1,500, தனியாக வையுங்கள். பழைய டைலை எடுத்த பிறகுதான் அரித்துப்போன குழாயும் பொடிந்த பூச்சும் தெரியும். அதற்காகத்தான் இந்தப் பணம். கண்ணாடி அலமாரிக்கு எடுத்துவிடாதீர்கள்.

பொருள், சேவை வரியும் உண்டு. டைலையும் சாமான்களையும் நீங்களே வாங்கினால் கான்ட்ராக்டருக்குப் போவது $7,250. கோட்டேஷனின் அடியில் சின்ன எழுத்தில் வரி சேர்க்கப்படவில்லை என்று இருந்தால் 9 விழுக்காடு, ஏறக்குறைய $650, கூடும். வரிப் பதிவு இல்லாத நிறுவனம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

5. எந்தச் சாமானுக்குக் கூடுதல் காசு

*ஹீட்டர்.* முதலில் முடிவெடுக்க வேண்டியது இதுதான், ஏனென்றால் குழாய் எங்கே ஓடும் என்பதை இது தீர்மானிக்கிறது. உடனடி ஹீட்டர் சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி. குளிர்ந்த நீர்க் குழாய் ஒன்று வந்தால் போதும். வழக்கமான 3.3 கிலோவாட் ஹீட்டர் நம்மூர்க் குழாய்நீரை, 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், 40 டிகிரிக்குச் சூடாக்கும்போது நிமிடத்துக்கு நாலு லிட்டருக்கும் குறைவாகவே தரும். கைஷவருக்கு அது போதும். தலைக்கு மேல் தட்டு போன்ற மழை ஷவருக்குப் போதாது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். "ஷவர் சரியில்லை" என்று மாற்றிப் பயன் இல்லை, குறை ஹீட்டரில் இருக்கிறது.

சேமிப்பு ஹீட்டரில் 25 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கும். குளிர்ந்த நீரோடு கலந்தால் 40 டிகிரியில் ஏறக்குறைய 65 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 7 லிட்டர் ஷவரில் ஒன்பது நிமிடம். ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம், அடுத்தவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆனால் இதற்குச் சுடுநீர்க் குழாய் தனியாக வேண்டும். தொட்டி மேற்கூரைப் பலகைக்கு மேல் போவதால், கழற்றித் திறக்கும் மூடியும் வேண்டும். மூடி இல்லாமல் பலகையை ஒட்டிவிட்டால், முதல் பழுதுக்கே பலகையை வெட்ட வேண்டியதுதான். தண்ணீரோடு தொட்டி முப்பது கிலோவைத் தாண்டும். அதைத் தாங்குவது கான்கிரீட்டில் அடித்த பிராக்கெட்டாக இருக்க வேண்டும், பலகையின் சட்டமாக அல்ல.

*ஷவர் மிக்சர்.* சுவருக்குள் புதைக்கும் மிக்சர் பார்க்க அழகுதான். அதன் உடல் டைலுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்து, அதே மாதிரி இங்கே விற்பனையில் இல்லை என்றால், சுவரை உடைக்க வேண்டும். வெளியே தெரியும் மிக்சரை வாங்குங்கள். அரை மணி நேரத்தில் மாற்றலாம். புதைத்ததுதான் வேண்டும் என்றால், உதிரிபாகம் இங்கே கிடைக்கும் பிராண்டுக்குக் காசு கொடுங்கள். எந்தச் சுவர் என்றும் கேளுங்கள், கட்டமைப்புச் சுவரைக் கொத்த அனுமதி கிடையாது.

*தரை வடிகால், ஆங்கிள் வால்வு.* பத்து, இருபது வெள்ளி வித்தியாசம்தான். வடிகால் மூடி கனமான எஸ்எஸ் 304 எஃகாக இருக்கட்டும். ஆங்கிள் வால்வு பித்தளையா என்று கையில் தூக்கிப் பாருங்கள். துத்தநாகக் கலவை இலேசாக இருக்கும், சில வருடத்தில் திருகும் இடத்தில் உடையும். அது உடைவது வீட்டில் ஆள் இல்லாத நேரமாகத்தான் இருக்கும்.

*டாய்லெட்.* பீங்கானின் வடிவத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் ஃபிளஷ் பாகங்களும் மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், அதற்குக் கொடுங்கள். வீவக குடும்பங்கள் தண்ணீர்ச் சிக்கனத்துக்கு மூன்று டிக் பெற்ற, தகுதியுள்ள டாய்லெட், பேசின் குழாய், ஷவர் ஆகியவற்றுக்குப் பருவநிலைப் பற்றுச்சீட்டைப் பயன்படுத்தலாம். சிங்பாஸ் வழி பெற்று, திட்டத்தில் சேர்ந்த கடையில் காட்ட வேண்டும். காலக்கெடு 2027 டிசம்பர் 31. கான்ட்ராக்டர் தொகுப்பாக வாங்கித் தரும் டாய்லெட்டுக்கு இது வேலை செய்யாது. ஆகவே கடையையும் மாடலையும் நீங்களே தேர்ந்தெடுங்கள்.

பேசின், கண்ணாடி, துண்டுக் கம்பி, ஷவர்த் தலை, கைஷவர் எல்லாம் மலிவாகவே போகட்டும். எல்லாம் கழற்றி மாட்டுவதுதான். டைலிலும் அப்படியே: சுவருக்குச் சாதாரண டைல் போதும், தரைக்கு வழுக்காத சொரசொரப்பு வேண்டும். தரையில் 60க்கு 120 சென்டிமீட்டர் பலகை மாதிரி டைல் கேட்காதீர்கள். வடிகாலை நோக்கி நாலு பக்கமிருந்தும் சரிவு வர வேண்டும். பெரிய டைல் வளையாது, வெட்டித்தான் சரிவு கொடுக்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இராது.

6. கோட்டேஷனில் எழுதியிருக்க வேண்டியவை

"தண்ணீர்த் தடுப்பு - ஒரு தொகுதி" என்று ஒற்றை வரி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். முன்கலவை செய்த தண்ணீர் புகாத பூச்சு, அதன் மேல் படலம் இரண்டு கோட், சுவரில் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரம், ஷவர் பக்கச் சுவரில் 1.8 மீட்டர், 24 மணி நேரத் தண்ணீர் தேக்கும் சோதனை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். குழாய் எந்தப் பொருளில், எத்தனை முனைகள் என்றும் இருக்க வேண்டும். புதிய குழாய் ஓட்ட உரிமம் பெற்ற பிளம்பரும், ஹீட்டருக்கான மின்தொடர்புக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரும் வேண்டும். அவர்கள் யார் என்று கேளுங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கையெழுத்தின்போது 20, உடைத்து முடிந்ததும் 25, தேக்கும் சோதனையில் தேறியதும் 20, டைல் முடிந்ததும் 20, சாமான் பொருத்தியதும் 10, இரண்டு வாரம் புழங்கிய பிறகு 5 விழுக்காடு. முதலிலேயே பாதியைக் கேட்பவரிடம் நிதானமாக மறுத்துவிடுங்கள். தகராறு வந்தால் $20,000 வரையிலான கோரிக்கையை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் கொண்டு போகலாம். அங்கே பேசுவது எழுத்தும் படமும் ரசீதும்தான், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

7. அனுமதியும் நாள் கணக்கும்

வீவக அனுமதிக்கு கான்ட்ராக்டர் இணையத்தில் விண்ணப்பிப்பார், உரிமையாளராக நீங்கள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். குடியிருக்கும் புளோக்கில், அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும். ஆகவே டைல், டாய்லெட், மிக்சர், ஹீட்டர் எல்லாம் வாங்கி, வந்து சேரும் நாளும் உறுதியான பிறகே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு மிக்சருக்காகப் பிளம்பர் பத்து நாள் காத்திருந்தால் அந்த ஒரு மாதம் காணாமல் போகும்.

டைல் உடைப்பது, வெட்டுவது போன்ற சத்தமான வேலைக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனிக்கிழமை கூடாது. "சனிக்கிழமை வந்து டைலை முடித்துவிடுவோம்" என்ற வாக்குறுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வேலைநாட்களில் ஓர் உத்தேசம்: உடைக்க இரண்டு நாள், குழாய்க்கும் மின்சாரத்துக்கும் இரண்டு, பூச்சுப் போட்டுக் காய இரண்டு, படலம் இரண்டு கோட்டுக்கு இரண்டு, தேக்கும் சோதனைக்கு ஒன்று, டைலும் இடைவெளி நிரப்பலும் ஆறு, மேற்கூரைக்கு ஒன்று, சாமான் பொருத்த இரண்டு. மொத்தம் பதினெட்டு நாள். ஷவர் கண்ணாடியை டைல் முடிந்த பிறகுதான் அளவெடுக்க முடியும். செய்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். டைல் முடியும் நாளிலேயே அளவெடுக்க வரச் சொல்லி வையுங்கள். பழைய அளவில் முன்கூட்டியே வெட்டிய கண்ணாடியில் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விழும்.

8. நீங்கள் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டிய மூன்று நாட்கள்

குழாய் ஓட்டிய நாள் முதலாவது. சுவரை மூடும் முன் அழுத்தச் சோதனை நடக்கட்டும். பிறகு ஒவ்வொரு சுவரையும் டேப் தெரியும்படி படம் எடுங்கள். பின்னாளில் துண்டுக் கம்பிக்குத் துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

இரண்டாவது, தேக்கும் சோதனை. வடிகாலை அடைத்து, தரை முழுதும் தண்ணீர் நிற்கும்படி விட்டு, நீர்மட்டத்தில் சுவரில் மார்க்கர் கோடு போட்டுப் படம் எடுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். ஆவியாகி ஒரு நூல் இறங்கலாம். கோட்டிலிருந்து பளிச்சென்று இறங்கியிருந்தால் படலம் விட்டிருக்கிறது. கீழ்வீட்டாரிடம் முன்பே சொல்லிவைத்து, அவர்கள் கூரையைச் சோதனைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பெரும்பாலும் விடும் இடம் தரையின் நடு அல்ல; வடிகாலைச் சுற்றியும், கழிவுக் குழாய் தரைக்குள் இறங்கும் கழுத்திலும், வாசல் கட்டையின் மூலையிலும்தான். "நேரமில்லை, டைல் போட்டுட்டுப் பாத்துக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். டைல் போட்ட பிறகு தெரியும் கசிவுக்கு மறுபடி $1,400 வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது, தரை டைல் முடிந்து ஒரு நாள் காய்ந்த பிறகு. ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து எங்காவது குட்டையாக நின்றால் சரிவு தவறு. ஒரு வெள்ளி நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் நாலு மூலையிலும் தட்டுங்கள். பொள்ளலாக ஒலிப்பதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டாய்லெட் பொருத்தும் முன்னே மாற்றச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு கேட்டால் அதே வேலைக்குத் தனிக் கூலி கேட்பார்கள்.

வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், பிடிகம்பிகளை வீவகவின் ஈஸ் என்ற முதியோர் வசதித் திட்டத்தில் கழிவு விலைக்குப் போட்டுக்கொள்ளலாம். டைல் வேலை முடிந்த பிறகு விண்ணப்பியுங்கள். முன்பே போட்டால் கம்பியும் பழைய டைலோடு குப்பைக்குப் போகும்.

சிலிக்கோன் பூசி 24 மணி நேரம் ஷவரைத் திறக்காதீர்கள். இரண்டு வாரம் புழங்கியபின், பேசினுக்கு அடியில் உலர்ந்த டிஷ்யூ ஒன்றை இரவு வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். மேற்கூரை மூடியைத் திறந்து ஹீட்டர் இணைப்புகளையும் விரலால் தடவுங்கள். இரண்டும் உலர்ந்திருந்தால் கடைசி 5 விழுக்காட்டை அனுப்பிவிடலாம்.